அளவுகோலும் ஆய்வேடும்

முனைவர் பட்ட ஆய்வேட்டை ஒப்படைக்கச் செல்லும் ஆய்வாளர் பல்கலைக்கழகத்தில் முதலில் சந்திப்பது புறத்தேர்வாளரை அன்று. பிரிவு அலுவலரையே ஆகும். அவர் ஆய்வின் கருதுகோள் யாது என்று வினவுவதில்லை. முகப்புப் பக்கத்தைத் திறக்கிறார்; தலைப்பைப் பதிவு ஆணையோடு ஒப்பிடுகிறார்; இடப்பக்க ஓரத்தை நோக்குகிறார். அங்குக் குறை காணப்படின், ஐந்தாண்டு உழைப்பும் கட்டடம் பிரிக்கப்படுவதற்காக ஊர் திரும்புகிறது.

பல்கலைக்கழக மானியக் குழு 2022ஆம் ஆண்டில் வெளியிட்ட முனைவர் பட்ட நெறிமுறைகள் ஆய்வுக் காலத்தைப் பொதுவாக 6 ஆண்டுகள் என வரையறுக்கின்றன. மறுபதிவின் வழியே மேலும் 2 ஆண்டுகள் வரை நீட்டிப்புப் பெறலாம். ஆனால் ஓரம் எவ்வளவு, வரிகளுக்கு இடையே எவ்வளவு என்பனவற்றை அந்நெறிமுறைகள் கூறுவதில்லை. அவற்றை ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தானே வகுத்துக்கொள்கிறது. கால எல்லையின் இறுதி வாரத்தில் ஆய்வேட்டை எடுத்துச் செல்பவருக்கு, 10 மில்லிமீட்டர் ஓரக் குறைவும் ஒரு பருவத்தை இழக்கச் செய்யலாம்.

இவ்விதிகளை வெற்றுச் சடங்கு என்று ஒதுக்குவோர் நம்மிடையே உளர். கணினி அச்சகத்தார் பார்த்துக்கொள்வர் என்று விட்டுவிடுவோர் அவரினும் பலர். இரண்டும் பொருந்தா என்பது நம் கருத்து. இவ்விதிகளுக்குக் காரணங்கள் உண்டு. அக்காரணங்களை அறிந்தவரே அவற்றைச் சரிபார்க்க இயலும். சரிபார்க்க வேண்டிய இடம் கணிப்பொறித் திரை அன்று, அச்சிட்ட தாளே. அதற்குரிய கருவி ஓர் அளவுகோல்.

கருத்தைத் தெளிவாக்க, சீறாப்புராண உவமைகளைப் பற்றிய 280 பக்க ஆய்வேடு ஒன்றை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். பல்கலைக்கழக விதி இது: ஏ4 தாள், ஒருபக்க அச்சு, இடப்பக்கம் ஒன்றரை அங்குலம், ஏனைய மூன்று பக்கங்களிலும் ஓர் அங்குலம், வரிகளுக்கு இடையே இரட்டை இடைவெளி. மில்லிமீட்டரில் கூறினால் இடப்பக்கம் 38, ஏனையவை 25. விதிகள் பல்கலைக்கழகத்திற்குப் பல்கலைக்கழகம் வேறுபடும். சரிபார்க்கும் முறை வேறுபடாது.

திரையும் தாளும்

நம் எடுத்துக்காட்டு ஆய்வாளர் கணிப்பொறியில் ஓர அளவுகளைச் சரியாகவே அமைத்துள்ளார். திரையில் எண்கள் பிழையின்றி உள்ளன. அச்சிட்ட தாளை அளந்தால் இடப்பக்கம் 37 மில்லிமீட்டர். வலப்பக்கம் 25க்குச் சற்றுக் குறைவு. ஆனால் மேலும் கீழும் 37 மில்லிமீட்டர். மேலும் கீழும் 12 மில்லிமீட்டர் எங்கிருந்து வந்தது?

விடை தாளின் அளவில் இருக்கிறது. அவருடைய கோப்பு ஏ4 அளவில் அமையவில்லை. அமெரிக்க வழக்கான லெட்டர் அளவில் அமைந்திருந்தது. ஏ4 தாள் 210 மில்லிமீட்டர் அகலமும் 297 மில்லிமீட்டர் உயரமும் உடையது. லெட்டர் தாளோ ஏறத்தாழ 216 அகலமும் 279 உயரமும் கொண்டது. அகலமான பக்கத்தை ஒடுக்கமான தாளில் அடக்குவதற்காக அச்சுப்பொறி முழுப் பக்கத்தையும் நூற்றுக்குத் தொண்ணூற்றேழு என்ற அளவிற்குச் சுருக்கிவிட்டது. பக்கவாட்டில் ஓரங்கள் சிறிது குறைந்தன; உயரத்தில் எஞ்சிய வெற்றிடம் மேலும் கீழுமாகப் பகிர்ந்துகொள்ளப்பட்டது. எழுத்தும் 12 புள்ளியிலிருந்து சிறிது குறைந்துபோயிற்று.

பக்கவாட்டு ஓரங்கள் சிறிது குறைந்து, மேல் கீழ் ஓரங்கள் மிகுந்து காணப்படுமாயின், தாளளவு தவறியது என்று அறியலாம். நான்கு ஓரங்களும் ஒருசேர மாறியிருப்பின், அச்சிடும்போது Fit என்னும் தேர்வு இடப்பட்டிருக்கலாம். அதனை Actual size என மாற்றி மீண்டும் ஒரு தாள் அச்சிட்டு அளக்க வேண்டும். இவ்விரண்டையும் திரையைப் பார்த்துக் கண்டறிய முடியாது.

எல்லாப் பக்கங்களையும் அளவுகோலால் அளத்தல் இயலாதே என்பர். அதற்கு எளிய வழி உண்டு. ஏ4 அளவுள்ள ஒளிபுகும் தாள் ஒன்றில், விதிப்படியான ஓரங்களைக் கோடிட்டு ஒரு சட்டம் வரைந்துகொள்ளலாம். ஆய்வேட்டின் ஒவ்வொரு பக்கத்தின் மீதும் அதனை வைத்தால், கோட்டுக்கு வெளியே செல்லும் எழுத்து உடனே கண்ணிற்படும். 280 பக்கங்களை அரைமணி நேரத்தில் பார்த்துவிடலாம்.

தமிழ் ஆய்வேடுகளில் கோட்டைத் தாண்டுவன பெரும்பாலும் செய்யுள் அடிகளே. சீறாப்புராணம் விருத்தப்பாவால் இயன்றது; அதன் நீண்ட அடிகளை ஒரே வரியில் அடக்க முயலும்போது இறுதிச் சீர் வலப்பக்க ஓரத்திற்குள் நுழைந்துவிடுகிறது. எழுத்தின் அளவைக் குறைத்து அடக்குவது முறையன்று. அவ்வாறு செய்தால் மேற்கோள் ஒவ்வொன்றும் ஒவ்வோர் அளவில் அமையும். அடியைப் பாதியில் மடக்கி, மடங்கிய பகுதியை உள்தள்ளி அமைப்பதே செம்மை.

கட்டுவிளிம்பு

இடப்பக்கத்திற்கு மட்டும் ஏன் கூடுதலாக அரை அங்குலம்? கட்டடம் செய்வோரின் மேசையருகே நின்று பார்த்தால் விடை கிடைக்கும்.

80 கிராம் எடையுள்ள தாள் ஒன்றின் பருமன் ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர். 280 தாள்கள் சேர்ந்தால் 28 மில்லிமீட்டர். இந்தக் கட்டினைத் தனித்தனி மடிப்புகளாகத் தைக்க இயலாது. ஏனெனில் இவை மடித்த தாள்கள் அல்ல, தனித் தாள்கள். ஆகவே விளிம்பிலிருந்து ஏறக்குறைய 10 மில்லிமீட்டர் உள்ளே துளையிட்டு, கட்டு முழுவதையும் ஊடுருவி நூல் கோத்துத் தைக்கின்றனர். தையலுக்கு அப்பாலுள்ள 10 மில்லிமீட்டரும் வாசகருக்கு என்றும் புலப்படாது. எஞ்சுவது 28. இவ்வாறு தைத்த நூல் தட்டையாக விரியாது. தாள் தையலருகே வளைந்தே எழும். அவ்வளைவில் மேலும் சில மில்லிமீட்டர் மறைகிறது. இறுதியில் கண்ணுக்குத் தெரிவது ஏறத்தாழ ஓர் அங்குலம். அதாவது, மற்ற மூன்று பக்கங்களுக்கு இணையான வெற்றிடம் இடப்பக்கத்திலும் தெரிய வேண்டுமென்பதற்காகவே ஒன்றரை அங்குலம் கேட்கப்படுகிறது.

ஆய்வாளர் இடப்பக்கத்திலும் 25 மில்லிமீட்டரே விட்டிருந்தால், தையலுக்குப் பின் 15 எஞ்சும். வளைவு போக, வரியின் முதலெழுத்தைக் காணத் தேர்வாளர் நூலை இரு கைகளாலும் அழுத்திப் பிடிக்க நேரும்.

கட்டடத்தின் இரண்டாம் விளைவு பலருக்கும் புலப்படுவதில்லை. அட்டை ஒட்டுமுன் மேல், கீழ், வலம் ஆகிய மூன்று விளிம்புகளையும் வெட்டிச் சீராக்குகின்றனர். ஒவ்வொரு புறத்திலும் 3 மில்லிமீட்டர் வெட்டப்பட்டதாகக் கொள்வோம். அச்சிட்டபோது 25ஆக இருந்த வலப்பக்க ஓரம் கட்டடத்திற்குப்பின் 22. கட்டப்பட்ட நூலை அளக்கும் அலுவலர் விதி மீறப்பட்டது என்று கூறினால், அவர் கூற்றும் உண்மை. விதிப்படி அச்சிட்டேன் என்னும் ஆய்வாளர் கூற்றும் உண்மை. இதற்குத் தீர்வு, மூன்று பக்கங்களிலும் 28 மில்லிமீட்டர் விட்டு அச்சிடுதல். அல்லது வெட்டும் அளவை மிகக் குறைக்குமாறு கட்டடக்காரரிடம் முன்கூட்டியே சொல்லுதல். பக்க எண் ஓரத்திற்குள் அமைவதால், வெட்டும்போது முதலில் அதுவே விளிம்பை நெருங்கும். அதனையும் நோக்க வேண்டும்.

கட்டுவிளிம்பில் வேறு மூன்று இடங்கள் ஆய்வாளரைத் தடுமாறச் செய்கின்றன. முதலாவது, இருபக்க அச்சு. அதனை ஏற்கும் பல்கலைக்கழகங்களும் உண்டு. தாளின் பின்பக்கத்தில் கட்டுவிளிம்பு வலப்புறமாக அமையும். எனவே அங்கு 38 மில்லிமீட்டர் வலப்புறம் வேண்டும். Mirror margins என்னும் அமைப்பு இதனைச் செய்துதரும். அது மறக்கப்பட்டால் இரட்டைப்படைப் பக்கங்கள் அனைத்திலும் வரியின் இறுதி தையலுக்குள் செல்லும். இரண்டாவது, Gutter என்னும் அமைப்பு. அது இடப்பக்க ஓரத்தோடு கூட்டப்படுவது. ஓரத்தில் ஒன்றரை அங்குலமும் Gutter என்பதில் அரை அங்குலமும் இட்டால், தாளில் 2 அங்குலம், அதாவது 51 மில்லிமீட்டர் வெற்றிடம் விழும். இரண்டில் ஒன்றையே பயன்படுத்தல் வேண்டும்.

மூன்றாவது, குறுக்குவாட்டு அட்டவணை. உவமைகளை வகைப்படுத்திக் காட்டும் அகன்ற அட்டவணையைப் பக்கவாட்டில் அமைக்கும்போது, அட்டவணையின் தலைப்பகுதி கட்டுவிளிம்பை நோக்கியிருக்க வேண்டும். நூலை வலஞ்சுழியாகத் திருப்பினால் அட்டவணை நேராகத் தெரிய வேண்டும். ஆகவே அப்பக்கத்தில் 38 மில்லிமீட்டர் ஓரம் அட்டவணையின் தலைக்கு மேலே வரும்.

வரியும் இடைவெளியும்

இரட்டை இடைவெளி என்னும் சொல் தட்டச்சுப் பொறியின் காலத்துச் சொல். ஆங்கிலத் தட்டச்சுப் பொறியில் ஓர் அங்குலத்திற்கு 6 வரிகள் என்பது பொதுவான அளவு. உருளை ஒரு பல் விட்டு ஒரு பல் நகர்ந்தால் ஓர் அங்குலத்திற்கு 3 வரிகள். ஒரு வரியின் அடியிலிருந்து அடுத்த வரியின் அடிவரை ஏறத்தாழ 8.5 மில்லிமீட்டர். யார் தட்டச்சு செய்தாலும் அவ்வளவு மாறாது.

கணிப்பொறியில் அந்நிலை இல்லை. Double என்னும் தேர்வு, எழுத்துருவுக்குள் பதிந்துள்ள வரியுயரத்தை இரட்டிப்பதாகும். 12 புள்ளி அளவுள்ள டைம்ஸ் நியூ ரோமன் எழுத்துருவில் அது ஏறத்தாழ 9.7 மில்லிமீட்டர் ஆகிறது. தமிழ் எழுத்துருக்களில் பல, மேல் விலங்குகளுக்கும் கீழ்ச்சுழிகளுக்கும் இடம் தர வேண்டியிருத்தலின், இன்னும் மிகுந்த வரியுயரம் கொண்டவை. எனவே ஒரே விதியைப் பின்பற்றும் இரு தமிழ் ஆய்வேடுகள், எழுத்துரு வேறுபாட்டால் மட்டுமே, வெவ்வேறு இடைவெளியோடு அமைகின்றன. இதன் விளைவு சிறிதன்று. விதிப்படி எழுத்துக்குரிய உயரம் 246 மில்லிமீட்டர், 8.5 மில்லிமீட்டர் இடைவெளியில் பக்கத்திற்கு 29 வரிகள் கொள்ளும், 9.7 ஆயின் 25 வரிகளே. 29 வரிகளில் 280 பக்கம் வரும் ஆய்வேடு, ஒரு சொல்லும் கூடாமல் 325 பக்கங்களை எட்டிவிடும். பக்க உச்சவரம்பு விதிக்கும் பல்கலைக்கழகத்தில் இது பெருஞ்சிக்கல்.

அளக்கும் முறை எளிது. பக்கத்தில் ஒரு வரியின் அடிக்கோட்டிலிருந்து அதற்குப் பின்வரும் பத்தாவது வரியின் அடிக்கோடு வரை அளந்து பத்தால் வகுக்க வேண்டும். ஒரே வரியை அளந்தால் அரை மில்லிமீட்டர்ப் பிழையும் பெரிதாகும். பத்தை அளந்தால் அது தேய்ந்துவிடும். முதல் இயலில் ஒரு பக்கம், இறுதி இயலில் ஒரு பக்கம், செய்யுள் மிகுந்த ஒரு பக்கம் என மூன்று இடங்களில் அளத்தல் போதும். மேற்கோட் பாடலுக்கும் அடிக்குறிப்புக்கும் தனி இடைவெளி உண்டா என்பதையும் விதியிற் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இசுலாமியத் தமிழ் இலக்கியம் பற்றிய ஆய்வேடுகளில் மேலும் ஒரு நுட்பம் உண்டு. தமிழ் வரியின் நடுவே அரபுச் சொல்லை அரபெழுத்திலேயே, உயிர்க்குறிகளோடு இடும்போது, அந்த எழுத்துருவின் உயரம் அவ்வரியை மட்டும் விரித்துவிடும். பக்கம் முழுவதும் சீராக வந்த வரிகளில் ஒன்று மட்டும் விலகி நிற்கும். இதனைத் தவிர்க்க Exactly என்னும் தேர்வில் 24 புள்ளி என்று நிலையான அளவிடலாம். அது பழைய தட்டச்சு இடைவெளிக்கு ஒப்பானதும் ஆகும். ஆனால் நிலையான அளவு மிகச் சிறிதாயின் ‘கீ’ என்பதன் மேற்சுழியும் ‘பூ’ என்பதன் கீழ்க்கோடும் வெட்டுண்டு அச்சாகும். அரபுத் தொடர் நீண்டதாயின் அதனைத் தனிப் பத்தியாக்கி அதற்குரிய இடைவெளி தருவதே நன்று.

முகப்புப் பக்கத்தின் வரிசை

முகப்புப் பக்கத்தில் ஒழுங்கு வேண்டும் என்பதை அனைவரும் அறிவர். அவ்வொழுங்கு யாது என்பதில்தான் மயக்கம் நேர்கிறது. பெரும்பான்மை வழக்கு இவ்வாறு அமையும்: மேலே ஆய்வேட்டின் தலைப்பு, அதன்கீழ் இன்ன பல்கலைக்கழகத்திற்கு இன்ன பட்டத்திற்காக அளிக்கப்பெறும் ஆய்வேடு என்னும் கூற்று, பின்னர் ஆய்வாளர் பெயரும் பதிவெண்ணும், பின்னர் நெறியாளர் பெயர், கல்வித்தகுதி, பதவி, பல்கலைக்கழக இலச்சினை, துறையும் கல்லூரியும், இறுதியில் மாதமும் ஆண்டும். சில பல்கலைக்கழகங்களில் நெறியாளர் பெயர் முன்னர் வரும். சிலவற்றில் இலச்சினைக்குக் கீழே கல்லூரிப் பெயர் வாராது. ஆகவே மூத்த ஆய்வாளர் ஒருவரின் ஆய்வேட்டைப் பார்த்து அமைத்தல் ஏமாற்றந் தரும். அவர் ஒப்படைத்தபின் விதி மாறியிருக்கலாம். நடைமுறையிலுள்ள விதித்தொகுப்பின் மாதிரிப் பக்கமே சான்று.

வரிசையினும் மிகுதியாகப் பிழை நேர்வது தலைப்பில். பதிவு ஆணையில் ‘சீறாப்புராணத்தில் உவமைகள்: ஓர் ஆய்வு’ என்றிருக்க, முகப்பில் ‘சீறாப்புராண உவமைகள் – ஓர் ஆய்வு’ என்று அச்சாகிறது. தமிழறிந்தார்க்கு இரண்டும் ஒன்றே. இரண்டாவதே செறிவுடையது என்றும் சொல்லலாம். அலுவலகத்திற்கோ அவை இரு வேறு தலைப்புகள். தலைப்பை மாற்ற விரும்பினால் அதற்குரிய அனுமதியை முன்னரே பெறல் வேண்டும். அச்சகத்தில் மாற்றுதல் ஆகாது. தலைப்பு ஓரிடத்தில் மட்டும் வருவதன்று. மேலட்டை, முதுகட்டை, முகப்புப் பக்கம், நெறியாளர் சான்றிதழ், ஆய்வாளர் உறுதிமொழி, ஆய்வுச் சுருக்கம் ஆகிய ஆறிடங்களிலும் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும். ஒருவர் ஆணையை உரக்கப் படிக்க, மற்றவர் இவ்வாறு இடங்களையும் விரல் வைத்துப் பார்த்தலே இதற்கு வழி.

பெயரின் முன்னெழுத்தும் இவ்வாறே. பட்டச் சான்றிதழில் ‘எம்.’ என்றிருப்பது முகப்பில் ‘மு.’ என்றாகுமாயின், தமிழாக்கம் என்று நாம் மகிழலாம். பட்டம் அச்சிடும் பிரிவு மகிழாது. மாதமும் ஆண்டும் ஒப்படைக்கும் நாளுக்குரியன. ஆய்வுச் சுருக்கம் அளித்த மாதம் அன்று. முகப்புப் பக்கம் சிறிய உரோமன் எண்ணில் முதலாவதாக எண்ணப்படினும் அதில் எண் அச்சாகாது என்பது பொது வழக்கு.

துறைக்கும் பல்கலைக்கழகத்திற்கும்

இவற்றையெல்லாம் ஆய்வாளரே செய்துகொள்ளலாமே என்று வினவலாம். ஐந்தாண்டுகள் அதே பக்கங்களைப் பார்த்த கண்கள் அவற்றின் ஓரத்தைப் பார்ப்பதில்லை. எனவே துறைதோறும் ஒரு நடைமுறை வேண்டும். கட்டடத்திற்கு அனுப்புமுன், முழுமையாக அச்சிட்ட ஒரு படியை, அந்த ஆய்வோடு தொடர்பில்லாத ஒருவர் மேற்கூறிய ஒளிபுகும் தாளைக் கொண்டு பார்த்துத் தர வேண்டும். அதற்கு ஒப்படைக்கும் நாளுக்கு முன் பத்து நாட்களேனும் ஒதுக்கப்பட வேண்டும். பிழை திருத்த, மீண்டும் அச்சிட, கட்டடம் செய்ய அவ்வளவு காலம் தேவை. நெறியாளர் சான்றிதழில் கையொப்பமிடும் நாள் இதற்குப்பின் அமைவது நலம்.

பல்கலைக்கழகங்களிடம் நாம் வேண்டுவன இரண்டே. ஓர அளவு கட்டடத்திற்கு முன் அளக்கப்படுமா, பின் அளக்கப்படுமா என்பதை விதி சொல்ல வேண்டும். 3 மில்லிமீட்டர் வெட்டுக்கு ஆய்வாளரைப் பொறுப்பாக்குதல் முறையன்று. அடுத்து, தமிழ் ஆய்வேடுகளுக்கு இரட்டை இடைவெளி என்று மட்டும் கூறாமல், அடிக்கோட்டிலிருந்து அடிக்கோடு வரை இத்தனை மில்லிமீட்டர் என்று கூற வேண்டும். தட்டச்சுப் பொறியின் பல்லுக்கு வகுத்த விதியை எழுத்துருவின் உயரத்துக்கு அப்படியே பொருத்தியதால் வந்த குழப்பம் இது. இவ்விரு வரிகளும் விதித்தொகுப்பில் சேரும்வரை, கட்டடத்திற்குச் செல்லும் ஒவ்வொரு படியிலும் மூன்று பக்கங்களில் 28 மில்லிமீட்டரும் கட்டுவிளிம்பில் 38 மில்லிமீட்டரும் இருக்கின்றனவா என அளந்து பார்த்து அனுப்புவதே நாம் செய்யத்தக்கது.